கைடில் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்குமா?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் புத்தகக் கடைகளில் கூட்டம் நிற்கும். செஞ்சியிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் மயிலத்திலிருந்தும் பெற்றோர் பஸ் ஏறி வந்திருப்பார்கள். "பத்தாவது கணக்கு கைடு ஒண்ணு குடுங்க." "எந்தக் கம்பெனி?" "பசங்க எதை வாங்கறாங்களோ அதையே குடுங்க." அவ்வளவுதான் பேச்சு. பணம் கைமாறிவிடும், புத்தகம் பைக்குள் போய்விடும். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதியான பிறகே தராசில் போடுகிறவர்கள் நாம். பிள்ளை ஒரு வருடம் முழுவதும் நம்பிப் படிக்கப்போகிற புத்தகத்தை ஒரு பக்கம்கூடப் பிரித்துப் பார்ப்பதில்லை.

பார்க்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல. கைடுகளைப் பற்றி நம்மிடையே சில நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன. அவற்றை யாரும் சோதித்ததில்லை. பக்கத்து வீட்டார் சொன்னார், டியூஷன் அண்ணன் சொன்னார் என்று வாய்வழியாகவே பரவுகின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குக் கைடை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நம்பிக்கைகளை உரசிப் பார்ப்போம். கணக்கில் சரி எது, தவறு எது என்பதைத் தாளும் பேனாவும் இருந்தால் யாரும் தீர்மானித்துவிடலாம் என்பதே கணக்கைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம்.

முதல் நம்பிக்கை, எல்லாவற்றுக்கும் அடித்தளமானது: "அச்சில் வந்த விடை தப்பாக இருக்காது. அதுவும் அத்தனை வருஷமாக விற்கிற கம்பெனி."

கைடு எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இந்த நம்பிக்கை தளர்ந்துவிடும். பாடநூல் கைக்கு வந்ததும் அதன் இயல்களைச் சில ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் விடை எழுதித் தருகிறார்கள். அது தட்டச்சாகி, மெய்ப்புப் பார்க்கப்பட்டு, பள்ளி திறக்கும் முன் கடைக்கு வந்தாக வேண்டும். மே மாதக் கடைசியில் வராத கைடு விற்காது. எனவே, மெய்ப்புக்குக் கிடைப்பது எஞ்சிய நேரம்தான். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளுக்கும், 2019-20இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. அதற்குப் பிறகும் திருத்திய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. பாடநூலில் ஒரு கணக்கின் எண் மாறியிருக்கும், ஒரு வினா நீக்கப்பட்டிருக்கும். கைடிலோ பழைய எண்ணுக்குரிய விடை அப்படியே கிடக்கும். அட்டையில் மட்டும் புதிய ஆண்டு பளபளக்கும்.

கைடில் வரும் பிழைகள் எல்லாம் ஒரே தன்மையவை அல்ல. கழித்தல் குறி விடுபடுவது, அடுக்கு கீழே இறங்கிவிடுவது போன்ற அச்சுப் பிழைகள் ஒரு வகை. அவை எரிச்சலூட்டும், ஆனால் கவனமான பிள்ளை அடுத்த வரியிலேயே கண்டுபிடித்துவிடும். பதிப்பு மாறியதால் வரும் பிழையையும் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிடித்துவிடலாம். மூன்றாவது வகைதான் ஆபத்தானது: செய்முறை முழுக்கச் சரிபோலத் தோன்றும், சிந்தனை மட்டும் ஓரிடத்தில் நின்றுபோயிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். kx² − 4kx + 12 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் சமம் எனில் k-ன் மதிப்பு என்ன? மூலங்கள் சமம் என்றால் தன்மைகாட்டி பூச்சியம். ஆகவே 16k² − 48k = 0. அதாவது 16k(k − 3) = 0. இதிலிருந்து k = 0 அல்லது k = 3. இந்த வரியோடு நிறுத்தி, "விடை: k = 0, 3" என்று கட்டம் கட்டிப் போட்டுவிடுகிற கைடு தவறான விடையைத் தருகிறது. k = 0 என்று சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 12 = 0 என்று வரும்; அங்கே இருபடியும் இல்லை, சமன்பாடும் இல்லை. சரியான விடை 3 மட்டுமே. k = 3 என்று இட்டால் 3x² − 12x + 12 = 0, அதாவது x² − 4x + 4 = 0; இரு மூலங்களும் 2.

இதே கணக்கை இன்னொரு கைடு "k = 0, 3. எனவே k = 3" என்று முடித்திருக்கக் கூடும். விடை சரி, விளக்கம் இல்லை. பூச்சியம் ஏன் போயிற்று என்று பிள்ளைக்குத் தெரியாது. அடுத்த கணக்கில் k = 0 உண்மையாகவே ஏற்கத்தக்க விடையாக இருக்கும்போது அதையும் பழக்கத்தில் தூக்கி எறிந்துவிடும். மூன்றாவது கைடு ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதியிருக்கும்: "k = 0 எனில் இது இருபடிச் சமன்பாடு ஆகாது; எனவே k ≠ 0." கைடின் தரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கடையில் நின்றபடியே இயற்கணிதம் இயலைப் பிரித்து இத்தகைய கணக்கு ஒன்றைத் தேடிப் பார்க்கலாம். நீளம் எதிர்க்குறி எண்ணாக வருகிறதா, ஆட்களின் எண்ணிக்கை பின்னமாக வருகிறதா என்று பார்த்து, அதைத் தள்ளியதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று தேடினாலும் போதும்.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. பாடநூலின் பின்பக்கத்தில் விடைகள் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் அரிதாகப் பிழை நேரும். மனிதர்கள் செய்த புத்தகம்தானே. கைடு எழுதுகிறவர் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார், பின்பக்க விடை வரவில்லை. நேர்மையானவர் "பாடநூல் விடையில் பிழை உள்ளது" என்று அடிக்குறிப்புப் போடுவார். மற்றவர், கடைசி வரிக்கு முந்தைய வரியில் ஒரு தாவு தாவி, பின்பக்க விடையில் போய் இறங்கிவிடுவார். அந்தத் தாவலைப் பிள்ளை புரிந்துகொள்ள முயன்று, முடியாமல், "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்கு வரும். தவறு தன் தலையில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? ஒரு கைடில் பாடநூல் பிழையைச் சுட்டும் அடிக்குறிப்பு ஒன்றிரண்டாவது இருந்தால், அதை எழுதியவர் கணக்கை உண்மையாகவே போட்டுப் பார்த்திருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம்.

"இரண்டு கைடுகளிலும் ஒரே விடைதானே இருக்கிறது" என்றும் வாதிடுவார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சாட்சிதான். இரண்டு கைடுகளிலும் அதே எழுத்துப் பிழையோ அதே விடுபட்ட குறியோ இருப்பதைக் கண்டால் எது எங்கிருந்து வந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கைடை ஆதாரமாக யார் ஏற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் தன் தேர்வுகளுக்குத் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது, தரமான பாடநூல்களையும் மேற்கோள் நூல்களையும்தான் சான்றாகக் கேட்கிறது. கைடுகளையும் நோட்ஸ்களையும் ஏற்பதில்லை. ஆசிரியராக வர விரும்புகிறவர் கைடைக் காட்டி வாதாட முடியாது. அப்படி வந்த ஆசிரியரிடம் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் கைடு வேதவாக்காகிவிடுகிறது.

இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? பிழை வெளிப்படுவதற்கான வழிகளை நாமே அடைத்துவைத்திருக்கிறோம். டியூஷனில் அதே கைடு, வகுப்புத் தேர்வைத் திருத்துகிறவர் கையில் அதே கைடு. கைடின் பிழையை எழுதிய பிள்ளைக்கு டிக் விழுகிறது. யோசித்துச் சரியாக எழுதிய பிள்ளை "கைடுல இப்படி இல்லையே" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வில்தான் முதல் முறையாக வேறொரு கண் அந்த விடையைப் பார்க்கிறது.

இனி இரண்டாவது நம்பிக்கை: "கைடில் உள்ளதை வரிக்கு வரி எழுதினால் முழு மார்க்."

பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துகிறவர் கையில் இருப்பது கைடு அல்ல. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் விடைக்குறிப்பு. கணக்கில் அது படிநிலைக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணைப் பிரித்துத் தருகிறது. சூத்திரத்துக்கு, பிரதியிட்டதற்கு, சுருக்கியதற்கு, விடைக்கு என்று தனித்தனியே. வேறொரு சரியான முறையில் போட்டிருந்தாலும் மதிப்பெண் உண்டு. ஆகவே கைடின் வாக்கியங்களை மனப்பாடம் செய்வதால் கிடைக்கும் சிறப்புச் சலுகை எதுவும் இல்லை. மாறாக, இடத்தை மிச்சப்படுத்த இரண்டு படிநிலைகளை ஒரே வரியில் அடைத்திருக்கும் கைடைப் பார்த்து எழுதும் பிள்ளை, அந்தப் படிநிலைக்குரிய மதிப்பெண்ணை இழக்கும்.

ஒரு மதிப்பெண் வினாக்களிலும் இது நடக்கிறது. குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. பல கைடுகளின் விடைப்பட்டியலோ வெறும் 1-இ, 2-அ, 3-ஆ என்று ஓடும். அதைப் பார்த்தே பழகிய கை, தேர்வு நாளில் எழுத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஆனால், பெரிய இழப்பு செய்முறை வடிவியலிலும் வரைபடத்திலும் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளின் கடைசிப் பகுதி இது: இரண்டு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண், ஆக 16. தேர்ச்சிக்கு வேண்டியது 35 என்பதால், கணக்கில் தடுமாறும் பிள்ளைகளை ஆசிரியர்கள் முதலில் இந்த 16-ஐப் பிடிக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். அந்தப் பிள்ளை வீட்டில் கைடைத் திறந்தால் என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

3 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து இரு தொடுகோடுகள் வரைக என்று ஒரு வினா. O-வை மையமாகக் கொண்டு வட்டம், 5 செ.மீ.க்கு OP என்ற கோடு, OP-க்கு மையக்குத்துக்கோடு, அது OP-ஐ வெட்டும் இடம் M. M-ஐ மையமாகவும் MO-வை ஆரமாகவும் கொண்டு இன்னொரு வட்டம். அது முதல் வட்டத்தை A, B என்ற புள்ளிகளில் வெட்டும். PA, PB-ஐ இணைத்தால் தொடுகோடுகள். அளந்தால் 4 செ.மீ. வர வேண்டும்; 5² − 3² = 16 என்பதால் அது சரி. இந்த வேலையில் உதவிப்படம், உண்மைப்படம், வரைமுறை, சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இருக்கிறது.

கடையில் கைடை எடுத்து இந்தப் பக்கத்தைத் திறந்து, சட்டைப் பையில் இருக்கும் ஆறு அங்குல ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 5 செ.மீ. என்று எழுதியிருக்கும் கோடு அச்சில் மூன்றரை செ.மீ. இருக்கும். பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று படத்தைச் சுருக்கிவிட்டார்கள். சுருக்கியதைக்கூட மன்னிக்கலாம், "படம் அளவுக்குட்பட்டதல்ல" என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டாமா? தான் வரைந்த படம் கைடில் உள்ளதோடு பொருந்தவில்லை என்று அழித்து அழித்து வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் முடிந்த படம் மட்டும்தான் இருக்கும். எந்த வில் முதலில், எந்தக் கோடு அடுத்து என்பது அதில் தெரியாது. நான்கு சிறு படங்களாக வளர்ச்சியைக் காட்டும் கைடு கிடைத்தால் அதை வாங்கலாம். வரைபடக் கணக்கில் x அச்சு, y அச்சு இரண்டின் அளவுத்திட்டமும் படத்தின் மூலையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைடு எழுதாவிட்டால் பிள்ளையும் எழுதாது.

மூன்றாவது நம்பிக்கை டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு சூடு பிடிக்கும்: "கைடில் ஸ்டார் போட்ட கணக்குதான் வரும். போன வருஷம்கூட வந்ததாம்."

போன வருடம் வந்திருக்கும். அதில் அதிசயம் எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் பாதிக்கு நட்சத்திரம் போட்டால், அவற்றில் ஒன்றுகூட வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்தவற்றை மட்டும் மறு ஆண்டு அட்டையில் விளம்பரம் செய்கிறார்கள். நட்சத்திரம் போட்டும் வராதவற்றின் பட்டியலை எந்தப் பதிப்பகமும் அச்சிட்டதில்லை. எந்த இயலிலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே வகுத்துச் சொல்லும் புளூபிரிண்ட் முறை இருந்த காலத்தில் இப்படி ஊகிப்பதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. புதிய பாடத்திட்டத்தோடு அது கைவிடப்பட்டது. புளூபிரிண்ட் போய்விட்டது, நம் பழக்கம் போகவில்லை.

வினாத்தாளின் அமைப்பே இந்த நம்பிக்கைக்கு எதிராக இருக்கிறது. இரண்டு மதிப்பெண் பகுதியில் 28ஆம் வினாவும், ஐந்து மதிப்பெண் பகுதியில் 42ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். ஒவ்வொரு பகுதியிலும் மற்ற பதிமூன்றில் ஒன்பதைத் தேர்ந்துகொள்ளலாம், இவற்றில் தப்பிக்க வழி கிடையாது. பயிற்சியில் உள்ளதை அப்படியே கேட்காமல் சற்றுத் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் இங்கேதான். ஸ்டார் போட்டதை மட்டும் படித்த பிள்ளைகள் இந்த ஏழு மதிப்பெண்ணில் விழிக்கிறார்கள்.

ஆகவே கைடில் பார்க்க வேண்டியது நட்சத்திரத்தை அல்ல, "கூடுதல் வினாக்கள்" என்ற பகுதியை. அங்கே இரண்டு விதமான தயாரிப்பு உண்டு. ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் முதல் உறுப்பு 7, பொது வித்தியாசம் 4 எனில் 15ஆவது உறுப்பு என்ன என்று கேட்டு, 63 என்று விடை தந்துவிட்டு, அடுத்து முதல் உறுப்பு 9, வித்தியாசம் 5, பிறகு 11, 6 என்று எண்ணை மட்டும் மாற்றி இருபது கணக்குகளை அடுக்குவது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தயாரித்துவிடலாம். பக்கமும் நிரம்பும், "500 கூடுதல் வினாக்கள்" என்று அட்டையிலும் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது கணக்கிலேயே பிள்ளையின் மூளை தூங்கிவிடும்.

இன்னொரு விதம், எண்ணை அப்படியே வைத்துக் கேள்வியைத் திருப்புவது. இதே தொடரில் 99 எத்தனையாவது உறுப்பு? 7 + 4(n − 1) = 99 என்று எழுதினால் n = 24. சரி, 200 இந்தத் தொடரில் வருமா? 193-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி வருகிறது, எனவே வராது. சூத்திரம் ஒன்றுதான், ஆனால் முதல் கேள்விக்கு அதைப் பிரதியிட்டால் போதும், இரண்டாவதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும், மூன்றாவதற்கு n முழு எண்ணாக இருந்தாக வேண்டும் என்ற புரிதல் வேண்டும். இப்படிப்பட்ட மூன்று கணக்குகள், எண்ணை மாற்றிய இருபதைவிட மேல். கூடுதல் வினாக்களுக்கு வெறும் விடை மட்டுமா, செய்முறையும் உண்டா, அல்லது விடையே இல்லையா என்பதையும் புரட்டிப் பார்க்க வேண்டும். திருத்தித் தர ஆள் இல்லாத வீட்டில், விடை இல்லாத பயிற்சி வினாவால் என்ன பயன்?

நான்காவது: "விலை கூடின கைடுதான் நல்ல கைடு. தடியாக இருந்தால் எல்லாம் இருக்கும்."

தடிமன் எங்கிருந்து வருகிறது என்று ஒரே ஓர் இயலை எடுத்து எண்ணிப் பார்த்தால் விளங்கிவிடும். ஒரு கைடின் விலை 400 ரூபாய், அதில் ஓர் இயல் 60 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 22 பக்கம், பாடநூலில் ஏற்கெனவே முழுச் செய்முறையோடு இருக்கும் எடுத்துக்காட்டுக் கணக்குகளின் மறுபதிப்பு. இன்னும் 6 பக்கம், பாடநூலில் கட்டம் கட்டிக் கொடுத்திருக்கும் வரையறைகளும் சூத்திரங்களும். ஆக 28 பக்கம், அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் இலவசமாகக் கையில் கொடுத்த புத்தகத்தில் உள்ளதுதான். எல்லா இயலும் இதே விகிதம் என்றால் 400-இல் ஏறத்தாழ 187 ரூபாயை நம்மிடம் உள்ளதையே மீண்டும் வாங்கச் செலவழிக்கிறோம். மீதி 32 பக்கத்தில் பயிற்சிக் கணக்குகளின் செய்முறையும் கூடுதல் வினாக்களும் இருக்கின்றன. விலை கொடுப்பது அதற்குத்தான் என்றால் அந்த 32 பக்கத்தைத்தான் ஒப்பிட வேண்டும். மெலிந்த கைடு ஒன்றில் எடுத்துக்காட்டுகளை மறுபடி போடாமல் பயிற்சிக் கணக்குகளை மட்டும் விரிவாகச் செய்திருந்தால், அது விலை குறைவாக இருந்தும் கூடுதலாகத் தருகிறது.

தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்துக்கும் கைடு வாங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது பல நாள் சம்பளம். அதற்கு முன், விலையில்லாமலோ குறைந்த விலையிலோ கிடைப்பவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டாமா? முந்தைய பொதுத்தேர்வு வினாத்தாள்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வினா வங்கிகளை மலிவு விலையில் வெளியிட்டு வருகிறது. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று பல மாவட்டங்களில் கல்வித் துறையே ஆசிரியர்களைக் கொண்டு சிறு கையேடுகள் தயாரிக்கிறது. இவை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதில்லை, லாபம் இல்லாததால் யாரும் சிபாரிசு செய்வதும் இல்லை. பிள்ளையின் ஆசிரியரிடம் வாய் திறந்து கேட்டால் கிடைக்கும்.

சிபாரிசு என்றதும் இன்னொன்று: "ஸ்கூல்லயே இதைத்தான் வாங்கச் சொன்னாங்க, அட்டையிலும் அரசு பாடத்திட்டத்தின்படின்னு போட்டிருக்கே."

தனியார் கைடுகளின் விடைகளை அரசு சோதித்துச் சான்றளிப்பதில்லை. "புதிய பாடத்திட்டத்தின்படி" என்றால் பாடநூலின் இயல் வரிசையைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று பொருள், அவ்வளவே. பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணும் புத்தகத்தின் அடையாள எண்தான், தர முத்திரை அல்ல. ஆசிரியர் சொல்வதைப் பொறுத்தவரை, பதிப்பகங்கள் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு மாதிரிப் பிரதிகளை இலவசமாகத் தருவதை அறிவோம். எந்தப் பிரதி கைக்கு வந்ததோ அதைச் சொல்வது மனித இயல்பு. அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. "இதை ஏன் சார் சொல்றீங்க, மத்ததுல என்ன குறை?" என்று கேட்கலாம். ஒப்பிட்டுப் பார்த்த ஆசிரியர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

கைடே கூடாது என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். திருச்சிப் பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனாரின் தமிழ் உரைகளைப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டபோது, செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளுக்கு அது ஆசிரியராக இருந்தது. இன்றும் விக்கிரவாண்டி அருகே ஒரு கிராமத்தில், படித்தவர் இல்லாத வீட்டில் இரவு எட்டு மணிக்குக் கணக்கில் சிக்கி நிற்கும் பிள்ளைக்குக் கைடை விட்டால் யார் இருக்கிறார்கள்? கேள்வி எப்போது திறப்பது என்பதில்தான். கணக்கைத் தானே போட்டு, சிக்கிய இடத்தில் ஒரு வரி மட்டும் பார்த்து மூடிவிடுகிற பிள்ளைக்குக் கைடு உதவுகிறது. முதலிலேயே திறந்து வைத்து நோட்டில் இறக்குகிற பிள்ளைக்கு வீட்டுப்பாடம் முடிகிறது, கணக்கு தெரிவதில்லை.

கடைசியாக, அண்ணன் அக்காவின் பழைய கைடைப் பற்றி: "பழசு உதவாது, புதுசுதான் வேணும்" என்று கடைக்காரர் சொல்வதும், "எல்லாம் ஒண்ணுதான், புத்தகமா மாறிடுச்சு?" என்று பாட்டி சொல்வதும் இரண்டுமே பாதி உண்மை. பாடநூலின் உள் அட்டையில் முதல் பதிப்பு எந்த ஆண்டு, திருத்திய பதிப்பு எந்த ஆண்டு என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். பிள்ளைக்கு இந்த ஆண்டு தந்த புத்தகத்தையும் பழைய கைடையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு இயலிலும் கடைசிப் பயிற்சியின் கடைசி மூன்று கணக்குகளின் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டு இயல்தான், அரை மணி நேர வேலை. எண்கள் பொருந்தினால் பழைய கைடு பெரும்பாலும் போதும். பொருந்தாத இடங்களில் பென்சிலால் குறித்துக்கொண்டு அந்தக் கணக்குகளை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். அண்ணன் ஏற்கெனவே கண்டுபிடித்து அடித்துத் திருத்தியிருக்கும் விடைகளும் அதில் இருக்கக் கூடும். அவை எந்தப் புதுக் கைடிலும் கிடைக்காது.